மூடுபனிக் கூடத்தின் அரைப்பேர்கள்

பதுளை
11 ஜூன் 1911, ஞாயிறு இரவு

அன்புள்ள பாக்கியம்,

விடுதியில் துணி மாற்றும் அறைக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒரு விரல் நீளத்துக்கு மெழுகுவர்த்தி இருக்கிறது. மேட்ரன் பூவம்மா அக்கா இருமினால் ஊதி அணைத்துவிட்டு, மறுபடி உறங்கும் வரை இருட்டில் காத்திருப்பேன். கோடு கோணலாகப் போனால் கோபித்துக்கொள்ளாதே. இங்கே எந்தக் கடிதமும் டீச்சர் படிக்காமல் வெளியே போகாது என்று உனக்குத் தெரியும். அதனால் தினமும் வீட்டிலிருந்து வந்து படிக்கும் ஸுபைரா இதைச் சாப்பாட்டுத் துணிக்குள் சுற்றிக் கொண்டுபோய்த் தபாலில் போடுவாள். நீயும் அவள் வாப்பா பலீலின் கடைக்கே எழுது.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை காய்ச்சலில் பண்டாரவளையில் எங்கள் வீட்டில் கிடந்தேன். முடியெல்லாம் கொட்டி, எலும்பாகத் திரும்பி வந்து பார்த்தால் உன் கட்டிலில் வேறு யாரோ படுத்திருக்கிறார்கள். "பாக்கியலெட்சுமி மார்ச்சிலேயே தோட்டத்துக்குப் போயிட்டா" என்றார்கள். ஒரு வரி எழுதிவைக்கக் கூடாதா? ஸுபைராவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

சரி, கோபம் முடிந்தது. நம்முடைய கணக்குக் கொப்பியின் பின்பக்கம் பத்திரமாக இருக்கிறது. உனக்குப் பொழுது போகட்டும் என்று, அதில் நாம் எழுதிவந்த மூடுபனிக் கூடத்துக் கதையை நானே வளர்த்திருக்கிறேன். நாம் விட்ட இடம் நினைவிருக்கிறதா? அப்புத்தளை முகட்டின் மேல் ஒரு கூடம். அங்கே பிள்ளைகள் மூடுபனியைப் புடவை போல மடித்து மூட்டை கட்டக் கற்கிறார்கள். தேர்ந்தவர்கள் அந்த மூட்டையை மழையில்லாத ஊர்களுக்குக் கொண்டுபோய் அவிழ்த்துவிடுகிறார்கள். அவ்வளவுதான் இருந்தது. இப்போது படிகள் வைத்திருக்கிறேன்.

முதல் படி வெறுங்கையர். அவர்களுக்குப் பேரே இல்லை. கம்பளி மாட்டும் ஆணியின் எண்தான் பேர். "மூன்றாம் ஆணி, இங்கே வா" என்பார்கள். இரண்டாம் படி அரைப்பேர். பேரில் பாதி மட்டும் கிடைக்கும். நீ 'பாக்', நான் 'சந்'. கடைசிப் படி முழுப்பேர். அரைப்பேர் என்பது உங்கள் அம்மாவிடமிருந்து எடுத்தது. போன வருஷம் உன்னைப் பார்க்க வந்தபோது, "மழைங்கிறதால நேத்து எனக்கு அரைப்பேர்தான் போட்டாங்க" என்று உன்னிடம் சொன்னார்களே. தோட்டத்தில் ஆளின் பேரைக்கூடப் பாதியாக்கிவிடுகிறார்களா என்று எனக்கு அன்று முழுக்க ஒரு மாதிரியாக இருந்தது.

இரண்டு அணிகளும் உண்டு. கடல் பக்கம் பார்த்த கணவாய் அணி, பதுளை பக்கம் பார்த்த காட்டு அணி. இரண்டுக்கும் ஜென்மப் பகை. நான் கணவாய். நீ காடு.

மெழுகு தீர்கிறது.

உன்
சந்திரகாந்தி


அப்புத்தளை
20 ஜூன் 1911

என் சந்திராவுக்கு,

உன் கடிதத்தைத் தப்பால்காரர் என் கையில் கொடுத்தபோது லயத்து வரிசை வீடுகளிலிருந்து எல்லோரும், "யாரு, யாரு?" என்று கூடிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கடிதம் இது. அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். அரைப்பேர் வந்த இடத்தில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் சுவரைத் தட்டினார்கள்.

அடி பைத்தியக்காரி, பேர் என்றால் இங்கே ஒரு நாள் வேலை. காலையில் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் நிறுத்தி ஆள் கணக்கு எடுப்பார்கள். வந்து நின்று நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு பேர். மத்தியானத்தோடு நிறுத்தினால் அரைப்பேர். வராவிட்டால், "இன்னைக்குப் பேர் இல்லை." எங்கள் அம்மா பேர் எப்போதும் முழுசாகப் பெரியாயிதான். "அந்தப் புள்ள எனக்காக அழுதுச்சா? பாவம்டி" என்று சொல்லச் சொன்னார்கள்.

ஆனால் மாற்றாதே. உன் தப்பு என் சரியைவிட நன்றாக இருக்கிறது.

மற்றதில் குறை சொல்லவா? படிகள் வெறும் பட்டமாக இருக்கின்றன. மேலே போனவனுக்கு என்ன கிடைக்கிறது, கீழே இருப்பவன் எதைச் செய்யக் கூடாது என்று இல்லாவிட்டால் ஒருத்தன் எதற்கு ஏற வேண்டும்? இப்படி வைத்துப் பார். வெறுங்கையர் பனியைக் கூடையில் சுமக்கலாம், மடிக்கக் கூடாது. அரைப்பேர் மடிக்கலாம், அவிழ்க்கக் கூடாது. முழுப்பேர் மட்டுமே அவிழ்க்கலாம், மலையை விட்டுக் கீழே இறங்கலாம். அப்போது அரைப்பேர்க்காரன் படும் பாட்டை யோசி. கட்டின மூட்டை அவன் கண் முன்னால் இருக்கும். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவனால் பார்க்க முடியாது.

ஜென்மப் பகையும் வேண்டாம். பகைக்குக் காரணம் இருக்க வேண்டும். இங்கே விடியற்காலையில் பனி தெற்கேயிருந்து கணவாய் வழியாகத்தான் ஏறுகிறது. தினம் பார்க்கிறேன். ஆகவே கணவாய் அணிக்குப் பனி ஏராளம். ஆனால் அங்கே காற்று பலம், மடிக்க முடியாது. காட்டு அணிக்கு மடிக்கத் தெரியும், பனி வந்து சேராது. ஒருத்தருக்கு இன்னொருத்தர் இல்லாமல் நடக்காது. வருஷத்துக்கு ஏழு முழுப்பேர் மட்டுமே கொடுப்பார்கள் என்று வை. அப்புறம் சண்டையை நீ எழுத வேண்டாம், அதுவாக வரும்.

இன்னொன்று. மூட்டை எதனால் அவிழ்கிறது? முடிச்சு என்றால் யாரும் அவிழ்ப்பான். மடித்தவன் தன் பேரைச் சொன்னால்தான் அவிழும் என்று இருக்கட்டும். அதற்குத்தானே பேரைப் பிடித்துவைத்திருக்கிறார்கள்?

சொல்லாமல் வந்ததற்கு மன்னித்துக்கொள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

உன்
பாக் (காட்டு அணி)


பதுளை
2 ஜூலை 1911, ஞாயிறு இரவு

அன்புள்ள பாக்,

அம்மாவுக்கு என்ன? 'உடம்பு சரியில்லை' என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டாய். மூட்டை அவிழ்வதற்கு மட்டும் ஏழு வரி.

ஆனாலும் பேர் சொன்னால் அவிழும் என்ற விதியைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அன்றே கொப்பியில் ஏற்றிவிட்டேன். ஸுபைராவுக்கும் சொன்னேன். "அப்படின்னா திக்குவாய்க்காரன் என்னடி செய்வான்?" என்று கேட்டாள். அதற்கும் ஒரு விதி போட வேண்டும்.

இப்போது கடைசிச் சோதனைக்கு வந்திருக்கிறேன். ஆடி மாதம் முகட்டில் எல்லோரும் கூடுவார்கள். வெளியூரிலிருந்து சோதகர் வருவார். அவர் பேர் எழுதிய இடாப்பைப் பார்த்து ஒவ்வொரு அரைப்பேராகக் கூப்பிடுவார். அவன் தன் மூட்டையை எடுத்துவந்து நின்று பேரைச் சொல்ல வேண்டும். அவிழ்ந்தால் அவனுக்கு முழுப்பேர். இந்தச் சோதனையில் ஊழல் நடக்கிறது. கூடத்துத் தலைவி கெட்டவள். கண் சிவந்திருக்கும், கையில் பிரம்பு. அவளே ஆள் மாற்றி நிறுத்துகிறாள். போய்விட்ட ஒருத்தியின் பேரில் இன்னொருத்தியை நிறுத்தி, மூட்டையை அவிழ்க்கச் சொல்கிறாள். அந்த இன்னொருத்திக்குப் பயம். ராத்திரியில் உறக்கம் வருவதில்லை. அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. நீ யோசித்துச் சொல். சீக்கிரம் சொல். ஜூலை 27க்கு முன்னால் வேண்டும்.

இன்று இவ்வளவுதான். பூவம்மா அக்கா நடக்கிற மாதிரி இருக்கிறது.

சந்


அப்புத்தளை
10 ஜூலை 1911

சந்திரா,

உன் கடைசிச் சோதனையை மூன்று தரம் படித்தேன். சரியில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலாவது, ஊழல் நம் விதியோடு ஒட்டவில்லை. மடித்தவன் பேரைச் சொன்னால்தான் அவிழும் என்றால் ஆளை மாற்றி நிறுத்தி என்ன பயன்? பனி ஏமாறாது. ஆகவே விதியிலேயே ஓர் ஓட்டை வேண்டும். ரொம்ப யோசித்தேன், கொழுந்து எடுக்கும்போதெல்லாம் இதே நினைப்பு. ஓட்டை அரைப்பேரில்தான் இருக்கிறது! அரைப்பேர்க்காரன் மடிக்கும்போது அவனுக்கு இருப்பது பாதிப் பேர் மட்டும். 'சந்' மடித்த மூட்டை சந்திரகாந்திக்கும் அவிழும், சந்தனத்துக்கும் அவிழும். பனிக்கு வித்தியாசம் தெரியாது. மேலே இருப்பவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் முழுப்பேரை வருஷக்கணக்கில் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள். ஊழல் சோதனை நாளில் தொடங்குவது இல்லை, பேரைப் பாதியாக்கிய அன்றே தொடங்கிவிட்டது. நன்றாக இருக்கிறதா?

இரண்டாவது, தலைவியைச் சும்மா கெட்டவள் என்றால் நான் நம்பமாட்டேன். சிவந்த கண் அடுப்புப் புகையாலும் வரும். அவளுக்கு என்ன வேண்டும்? ஒருவேளை, ஏழு பேர் தேறாவிட்டால் கூடத்தையே மூடிவிடுவார்கள் போலும். கூரை ஒழுகுகிறது போலும். வெறுங்கையருக்குச் சோறு போட வேண்டும் போலும். ஆளுக்கு ஒரு நியாயம் இருந்தால்தான் ஊழல் நிற்கும். எல்லோருக்கும் தெரிந்திருக்கும், எல்லோருக்கும் வாய் அடைத்திருக்கும்.

மூன்றாவது, இதனால் யாருக்கு என்ன போகிறது? ஒருவருக்கும் ஒன்றும் போகாவிட்டால் அது ஊழல் இல்லை, விளையாட்டு.

நான்காவதுதான் முக்கியம். 'போய்விட்ட ஒருத்தி' என்று எழுதியிருக்கிறாய். நம் கொப்பியில் கூடத்தை விட்டு யாரும் போகவில்லையே. நம் சோதனை நடப்பது ஆடியில். ஜூலை 27 என்று கொப்பியில் எங்கேயும் இல்லை. நீ எதையாவது எழுதும்போது பயந்தால் ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தும் பெரிதாகும். இந்தக் கடிதத்தில் கடைசிப் பத்து வரியும் அப்படித்தான் இருக்கிறது.

யாரடி அது? யார் பேரில் உன்னை நிற்கச் சொல்கிறார்கள்?

பாக்கியம்


பதுளை
16 ஜூலை 1911, ஞாயிறு இரவு

பாக்கியம்,

உன் பேரில்தான்.

எழுதிவிட்டேன். இப்போது கொஞ்சம் மூச்சு வருகிறது.

ஜூலை 27 அன்று இன்ஸ்பெக்டர் துரை வருகிறார். எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்களோ அதற்குத் தக்கபடி அரசாங்கத்தின் உதவிப் பணம் பள்ளிக்கு வரும். சோதனைக்கு நிற்க வேண்டுமானால் இடாப்பில் இத்தனை நாள் வரவு இருக்க வேண்டும். நான்கு மாதக் காய்ச்சலால் எனக்கு அது இல்லை. உனக்கு இருக்கிறது. நீ போன பிறகும் தினமும் உன் பேருக்கு நேரே வரவு விழுந்திருக்கிறது. போன மாதக் கடைசியில் பரிமளம் டீச்சர் என்னைத் தனியாக அழைத்து இடாப்பைத் திறந்து காட்டினார். உன் வரிசை முழுக்க மை. என் வரிசையில் வட்டம் வட்டமாக வெறுமை. நான் வீட்டில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். நீ மலையில் இருந்தாய். ஆனால் அந்தப் பக்கத்தில் நீ ஒரு நாள்கூடத் தவறாமல் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாய்.

"ஒரே ஒரு நாள்தானே, சந்திரா" என்றார். "துரை கூப்பிடும்போது எழும்பி, 'பாக்கியலெட்சுமி, கந்தப்பன் மகள்'னு சொல்லணும். வாசிக்கணும், கணக்கு ஒண்ணு போடணும், உக்காந்துரணும். உனக்குத்தான் எல்லாம் வருமே."

"டீச்சர், அவ போயிட்டாளே" என்றேன்.

"அதனாலதானே அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. செத்துப்போன கந்தப்பனா வந்து கேக்கப் போறாரு?"

நான் அழுதேன். அவர் திட்டவில்லை. நீ எழுதியது சரிதான், கூரை ஒழுகுகிறது. நான்காம் வகுப்புக்கு மேலே பெரிய ஓட்டை. மழை நாளில் டீச்சர் தானே பித்தளை அண்டாவைத் தூக்கிவந்து வைக்கிறார். போன வருஷம் மூன்று பேர் தேறாததால் சின்ன டீச்சரை நிறுத்திவிட்டார்கள். இந்த முறை ஒரு பேர் குறைந்தாலும் விடுதியில் பத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமாம். "அதுல முதல் ஆளு யாருன்னு உனக்கே தெரியும். வயசு பதிமூணு, காய்ச்சல் உடம்பு. உங்க அப்பா ஏற்கெனவே யோசிச்சுக்கிட்டு இருக்காரு" என்றார்.

அப்பா யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஹட்டனில் ஒரு துணிக்கடைக்காரர் வீட்டுச் சம்பந்தத்தைப் பற்றி அம்மா காய்ச்சலின்போது என் தலைமாட்டிலேயே பேசினாள். நான் உறங்குகிறேன் என்று நினைத்தாள். வீட்டுக்குப் போனால் நான் திரும்பிவர மாட்டேன், பாக்கியம்.

இரவில் உன் பேரைச் சொல்லிப் பார்க்கிறேன். வாய்க்குள் நன்றாகத்தான் இருக்கிறது. உன்னை நானே கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

யாருக்கு என்ன போகிறது என்று கேட்டாயே. எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. யாருக்கும் ஒன்றும் போகாவிட்டால் நான் சொல்லிவிடட்டுமா? உன் பேர். நீ சொல்.

சந்திரா


அப்புத்தளை
21 ஜூலை 1911

என் சந்திராவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. உடனே எழுதாததற்குக் காரணம், நானும் உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்குமா என்று ஓர் இரவு முழுக்க யோசித்தேன்.

மார்ச் மாதம் அம்மா கொழுந்துக் கூடையோடு மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் வழுக்கி விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. அப்பா இல்லாத வீடு. அம்மாவின் பேரை வெட்டினால் காம்பராவையும் காலி செய்ய வேண்டும். மாரிசாமி கங்காணி நல்ல மனுஷர். "புள்ள, பெரட்டுல பெரியாயின்னு கூப்புடுவேன். நீ 'இருக்கேன்'னு சொல்லிரு. கம்பளிய முக்காடு போட்டுக்க. துரை குதிரை மேல இருந்து பாத்தா எல்லாம் ஒரே கம்பளிதான்" என்றார். அன்று முதல் தினம் காலையில் நான் பெரியாயி. நான்கு மாதமாக என்னை யாரும் களத்தில் பாக்கியலெட்சுமி என்று கூப்பிட்டதில்லை. வெட்கமாக இருந்தது, அதனால்தான் சொல்லவில்லை.

ஆகவே ஆள் மாறி நிற்பதே பாவம் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அம்மா தன் பேரைத் தானே என் கையில் கொடுத்தாள். அம்மா எழுந்து நடந்தால் அந்தப் பேர் அப்படியே அவளுக்காக இருக்கும். ஒரு நாள் பேர் போட்டால் மறுநாளும் போடலாம், அது தீர்ந்துபோகாது.

பள்ளிக்கூடத்தில் அப்படியா? ஐந்தாம் வகுப்பைப் பாக்கியலெட்சுமி தேறிவிட்டாள் என்று எழுதிவிட்டால் அப்புறம்? நம் பள்ளியில் ஐந்துக்கு மேலே வகுப்பு இல்லை. தேறியவளை மறுபடி ஐந்தில் சேர்க்க மாட்டார்கள். சந்திரா, இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. எலும்பு கூடிவிட்டது. தை பிறந்தால் கம்பில்லாமல் நடப்பாள் என்று டிஸ்பென்சரி ஐயா சொன்னார். நான் திரும்பிவர நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பை நானே வாசித்து, நானே தேறி, இங்கே லயத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க. கேட்டால் மாரிசாமிக்கும் சம்மதமாகத்தான் இருக்கும். "படிச்ச புள்ள வேணும்" என்கிறார். என் பேருக்கு அந்த ஒரு வாசல்தான் இருக்கிறது. நீ அதன் வழியாகப் போய்விட்டால் அது பின்னாலேயே சாத்திக்கொள்ளும்.

இதுதான் நம் கூடத்தில் இல்லாத விதி. எழுதிக்கொள்: ஒரு பேரால் ஒரு மூட்டை ஒரு தரம்தான் அவிழும். சந்தனம் அவிழ்த்துவிட்டால் சந்திரகாந்தி பிறகு நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் அங்கே வெறுந்துணிதான் இருக்கும். போய்விட்டவளுக்கு நஷ்டமில்லை என்று தலைவி நினைக்கிறாள். அவள் ஒருநாள் திரும்பிவருவாள் என்று யாரும் நினைக்கவில்லை.

ஆனால் இன்னொரு பக்கம் நீ ஹட்டன் போக வேண்டிவரும் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் மேலே எழுதிய எல்லாவற்றையும் கிழித்துவிடலாமா என்று தோன்றியது. என் பேர் போனால் நான் கொழுந்து எடுப்பேன். கை பழகிவிட்டது. உன் ஆயுசு போனால்? அதனால் சொல்லாதே என்று நான் சொல்ல மாட்டேன். என்ன இழப்பு என்று கேட்டாய், சொல்லிவிட்டேன். அதற்கு மேல் நீ என்ன செய்தாலும் நான் கோபப்பட மாட்டேன். நிஜமாக.

உன்
பாக்கியலெட்சுமி


அப்புத்தளை
2 ஆகஸ்ட் 1911

சந்திரா, சோதனை முடிந்து ஆறு நாளாகிவிட்டது. ஒரு வரி எழுது. தேறினேன் என்று எழுது, தேறவில்லை என்று எழுது, ஹட்டன் என்று எழுது. தப்பால்காரர் என்னைப் பார்த்ததும் இப்போது தூரத்திலேயே கையை ஆட்டிவிடுகிறார்.

பாக்


பதுளை
6 ஆகஸ்ட் 1911, ஞாயிறு

என் பாக்கியத்துக்கு,

எழுதாததற்கு ஒரு காரணம், பூவம்மா அக்கா மெழுகுவர்த்தியைக் கண்டுபிடித்துவிட்டார். இன்னொரு காரணம், முடிவு தெரியாமல் உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நேற்றுத்தான் முடிந்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

உன் கடிதத்தை ஸுபைரா 25ஆம் தேதி கொண்டுவந்தாள். நீ கோபப்பட மாட்டேன் என்று எழுதியதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. கோபப்படுவேன் என்று எழுதியிருந்தால் உன்னோடு சண்டை போட்டுவிட்டாவது சொல்லியிருப்பேன்.

27ஆம் தேதி காலையில் துரை வந்தார். அவர் பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு குமாஸ்தா ஐயா, இடாப்பைப் பிடித்துக்கொண்டு. நான் கடைசி பெஞ்சில். ஒவ்வொருத்தியாக எழுந்து வாசித்தார்கள். டீச்சர் ஜன்னல் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குமாஸ்தா வாசித்தார்: "பாக்கியலெட்சுமி. கந்தப்பன் மகள்."

நான் எழுந்துவிட்டேன். கால் தானாக எழுந்தது. உன் பேர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சத்தியமாக, சொல்லத்தான் போனேன். பொய் சொல்ல மாட்டேன் உன்னிடம். அப்போது ஒரு சின்ன விஷயம்தான் நடந்தது. வாயைத் திறந்தபோது நீ திரும்பிவந்து இதே பெஞ்சில் எழுந்து நிற்பதும், இடாப்பைப் பார்த்து யாரோ "நீ ஏற்கெனவே தேறியாச்சே" என்பதும் தோன்றியது. நான் சொன்னேன்:

"அவளுக்கு இன்னைக்குப் பேர் இல்லீங்க."

எனக்கு வேறு சொல் வரவில்லை. 'போய்விட்டாள்' என்றால் இடாப்பு பொய்யாகிவிடும், டீச்சருக்கு என்ன ஆகுமோ. 'இருக்கேன்' என்றால் நீ போய்விடுவாய். நடுவில் இருந்த சொல் உன்னுடையது.

துரை, "வாட்?" என்றார். குமாஸ்தா ஐயா என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "நீ எந்தத் தோட்டம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் தலையைத் தலையை ஆட்டினேன். அவர் கொஞ்சம் சிரித்துவிட்டு, இங்கிலீஷில் துரையிடம் என்னவோ சொன்னார். துரை தலையாட்டினார். குமாஸ்தா உன் பேருக்கு நேரே எழுதியதை எட்டிப் பார்த்தேன். சமுகமில்லை, அன்று வரவில்லை என்று. அவ்வளவுதான். நீ தேறவும் இல்லை, தவறவும் இல்லை. உன் பேர் அப்படியே இருக்கிறது.

டீச்சர் அன்று அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாயங்காலம் மழை வந்தது. அவரோடு சேர்ந்து நானும் அண்டாவைப் பிடித்தேன். "விடு, நான் தூக்குவேன்" என்றார். நான் விடவில்லை. இரண்டு பேரும் தூக்கினோம். மறுநாள் அப்பாவுக்கு எழுதிவிட்டார்.

அப்பா நேற்று வந்தார். டீச்சர், "உங்க மக துரை முன்னாலேயே கீழ்ப்படியல. இப்படியான பிள்ளைய வச்சுக்கிறது கஷ்டம்" என்றார். அப்பா என் பக்கம் திரும்பி, "என்னடி சொல்லச் சொன்னாங்க, நீ சொல்லாம விட்ட?" என்றார். நான் ஹட்டன் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அழுதபடியே சொன்னேன்: "பாக்கியலெட்சுமி, கந்தப்பன் மகள்னு."

அப்பா, "கந்தப்பன் மகளா?" என்றார். "என் மக எழும்பி நின்னு, துரைக்கு முன்னால, வேற ஒருத்தர அப்பான்னு சொல்லணுமா? அப்ப நான் யாருங்க? பண்டாரவளை பஜார்ல சிதம்பரநாதன்னா தெரியாத ஆள் இல்ல. எங்க ஊர்ல பத்துக் குழந்தை காய்ச்சல்ல போச்சு, இவ ஒருத்திதான் எழும்பி வந்தா. அவளை நான் என் பேர்லதான் வளக்குறேன்."

டீச்சர் எழுந்து கதவைச் சாத்தினார். "ஐயா, சத்தம் போடாதீங்க" என்றார்.

"சத்தம் போடல. இவ அடுத்த வருஷம் இதே வகுப்பை முதல்லேருந்து வாசிக்கட்டும். வரவு எத்தனை நாள் வேணுமோ அத்தனையும் வருவா. அப்ப துரை வந்தா, சிதம்பரநாதன் மகள்னு சொல்லுவா. அதைக் கேக்க நான் வாசல்ல வந்து நிப்பேன்."

ஊழலுக்காக அவருக்குக் கோபம் வரவில்லை, பாக்கியம்! அவருடைய பேர் விட்டுப்போனதற்குத்தான் கோபம். நான் அழுகையோடு சிரிப்பை அடக்கினதில் விக்கல் வந்துவிட்டது. போகும்போது அப்பா எனக்கு ஒரு பொட்டலம் எள்ளுருண்டை கொடுத்தார். டீச்சருக்கும் ஒன்று கொடுத்தார். ஹட்டனைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஒரு வருஷத்துக்கு விடமாட்டார். வாசலில் நிற்பதாகச் சொல்லிவிட்டாரே.

ஒரு பேர் குறைந்ததற்கு வீட்டுக்கு அனுப்புவார்களா என்று இன்னும் தெரியவில்லை. சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வந்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அதற்கு நான் என்ன செய்வது என்று உன்னைத்தான் கேட்க வேண்டும்.

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். இனி ஐந்தாம் வகுப்பில் எனக்குத் துணை வேண்டும்.

உன்
சந்திரகாந்தி


அப்புத்தளை
15 ஆகஸ்ட் 1911

என் சந்திராவுக்கு,

முழுவதையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உன் அப்பா பேசிய இடத்தை இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கந்தப்பன் பேரைத் துரை காதுல போட்டாங்களா? அந்த மனுஷன் கேட்டிருந்தா கூரைமேல ஏறிக் குதிச்சிருப்பாரு" என்றாள். நான் திரும்பிவரப் போவதை அப்போதே சொல்லிவிட்டேன். இரவு படுக்கும்போது, "ரெண்டு சேலை வேணுமே உனக்கு" என்றாள். அது சம்மதம்.

தை பிறந்ததும் இல்லை, பெப்ரவரியில் வருவேன். கொழுந்து அதிகமாக வரும் மாதம் முடியட்டும் என்று மாரிசாமி கேட்டார். நியாயம்தான், அவர் என்னைக் காப்பாற்றியவர்.

சின்னப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாய். யாரையாவது அனுப்பினால் அது உன்னால் இல்லை. ஆனால் நீ உன்னால்தான் என்று நினைப்பாய், உன்னை எனக்குத் தெரியும். அதனால் எழுத்துச் சொல்லிக்கொடு. மாலையில், விளையாட்டு நேரத்தில், வாசிப்பு வராத இரண்டு பேரைப் பிடி. அடுத்த வருஷம் அவர்கள் தங்கள் பேரிலேயே தேறட்டும். அண்டாவைத் தூக்க விட்ட டீச்சர் இதற்கும் விடுவார். அவரைக் கூடத்தில் கெட்டவளாக்காதே. கண்ணில் சிவப்பு வேண்டுமானால் இருக்கட்டும்.

கூடத்தில் அரைப்பேர்களை என்ன செய்வது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அவர்களே கூடிப் பேசி முடிவு செய்யட்டும் என்று தோன்றுகிறது. நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒருநாள் அவர்களைப் பேசவிடலாம்.

அதற்கு முன்னால் எனக்கு ஒரே ஒரு கவலை. காய்ச்சல் கண்டு எழுந்த பிள்ளைகள் சட்டென்று வளர்ந்துவிடுவார்கள் என்று அம்மா சொல்கிறாள். வகுப்பில் உயரப்படிதான் உட்கார வைப்பார்கள். நீ என்னைவிட உயர்ந்துவிட்டாயா? கதவு நிலையில் ஒரு கோடு போட்டு, முழம் போட்டு அளந்து எழுது. கொஞ்சம் அதிகம் என்றால் பெப்ரவரி வரை கூனிக்கொண்டே நட. நான் இங்கே தினமும் மலையேறி நிமிர்ந்துகொண்டிருக்கிறேன்.

உன்
பாக்கியலெட்சுமி